பிசிறு முடியும் நீலச் சேனலும்: பல வருடப் புலம்பல்

போன வாரம் ஒரு நண்பர் கேட்டார்: "போட்டோஷாப்பில் முடி கலரை மாற்றினால் ஓரத்தில் பறக்கிற முடி மட்டும் பழைய நிறத்திலேயே நிற்கிறது. சேனல் வைத்து செலக்ட் பண்ணணுமா, ரீஃபைன் எட்ஜ் போதுமா?" இரண்டு வரியில் பதில் போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத, இந்த ரீஃபைன் எட்ஜ் பிரஷ்மேல் எனக்கு இருக்கும் பழைய கோபமெல்லாம் கிளம்பி வந்துவிட்டது. அதனால் இது கொஞ்சம் நீளும்.

போட்டோஷாப்பில் இரண்டு வழியையும் நான் வருடக்கணக்கில் புழங்கியிருக்கிறேன். சேனல் வழி, அதாவது படத்தின் சிவப்பு, பச்சை, நீலப் பங்குகளில் ஒன்றின் கறுப்பு வெள்ளைப் படத்தை வைத்து செலக்ட் செய்வது, மிகப் பழையது. ரீஃபைன் எட்ஜ் முடிக்கு உருப்படியாக உதவ ஆரம்பித்தது 2010-ல் CS5 வந்தபோதுதான். 2016-ல் அதை Select and Mask என்று தனி இடமாக்கினார்கள். பழகிய பெட்டி போய்விட்டதே என்று, ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு அந்த மெனுவைத் திறந்து பழையதையே கொஞ்ச காலம் வரவழைத்துக்கொண்டிருந்த கூட்டத்தில் நானும் ஒருவன்.

முதலில் அந்த பிரஷ்ஷின் நல்ல பக்கம். தலையின் உருவத்தைத் தோராயமாக செலக்ட் செய்து, ஓரத்தில் பிசிறு முடி இருக்கும் இடமெல்லாம் தேய்த்தால், முடி எது சுவர் எது என்று அதுவே பிரித்துக் கொடுக்கும். வெளிச்சமான, ஒரே நிறச் சுவராக இருந்தால் அரை நிமிட வேலை. முதல் தடவை பார்த்தபோது வாயைப் பிளந்தேன் என்பது உண்மை.

கோபம் எங்கே என்றால், அது முடியின் உள்ளே போடும் ஓட்டையில். தேய்த்த இடம் முழுவதையும் அது சந்தேகப் பகுதியாக எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பிக்சலையும் மறுபடி கணிக்கிறது. கை கொஞ்சம் உள்ளே போய், முடியில் ஒளி பட்டு மின்னும் இடத்தைத் தொட்டுவிட்டால் போதும். அந்த மினுமினுப்பு சுவர் நிறத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் அதையும் சுவர்க் கணக்கில் சேர்த்துவிடும். நிறம் ஏற வேண்டிய இடத்தை வெள்ளையாகவும் ஏறக் கூடாத இடத்தைக் கறுப்பாகவும் காட்டும் மாஸ்க்கில் அங்கே சாம்பல் திட்டு விழும். வழக்கமான காட்சியில் இது கண்ணில் படவே படாது. நிறம் ஏற்றிய பிறகுதான், சாயம் சரியாகப் பிடிக்காத முடி மாதிரித் திட்டுத் திட்டாகப் பழைய பழுப்பு எட்டிப் பார்க்கும். அதுவும் வேலையை அனுப்பி முடித்த பிறகு. எத்தனை தடவை பட்டிருக்கிறேன் என்று எண்ணவில்லை.

ஆகவே Select and Mask-க்குள் நுழைந்ததும் K விசையைத் தட்டி, மாஸ்க்கைக் கறுப்பு வெள்ளையாகப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். தலைக்குள் இருப்பது முழு வெள்ளையாக இருக்க வேண்டும். சாம்பல் இருந்தால் அது ஓட்டை. இன்னொன்று, Decontaminate Colors பக்கமே போகாதீர்கள். அது முடியை வெட்டி வேறு பின்னணியில் ஒட்டுகிறவர்களுக்கானது. ஓரத்துப் பிக்சல்களின் நிறத்தையே மாற்றிப் புது லேயராகத்தான் கொடுக்கும். நமக்கு வேண்டியது வெறும் மாஸ்க். முந்தைய வேலையின் அமைப்புகளை நினைவில் வைக்கச் சொல்லி டிக் போட்டிருந்தால், போன மாதம் ஆன் செய்தது இன்றைக்கும் ஆனாகவே காத்திருக்கும். ஒரு தடவை கண்ணை ஓட்டிவிடுங்கள்.

சரி, சேனலுக்கு வருகிறேன். சமீபத்தில் செய்த ஒரு படத்தையே சொல்கிறேன். அடர் பழுப்பு முடி, வெளிர் சாம்பல் சுவர், வலப்பக்கம் பின்னாலிருந்து ஜன்னல் வெளிச்சம். முடியைச் செம்பு நிறமாக்க வேண்டும்.

சிவப்பு, பச்சை, நீலம் மூன்று சேனலையும் தனித்தனியாகப் பார்த்தேன். பழுப்பு முடி நீல ஒளியை மிகக் குறைவாகத் திருப்பி அனுப்பும்; அதனால் நீலச் சேனலில் முடி ஏறக்குறைய கறுப்பாகவும் சுவர் நல்ல வெளிச்சமாகவும் தெரிந்தது. வித்தியாசம் எதில் அதிகமோ அதுதான் நம் சேனல். அதன் பிரதியில்தான் வேலை செய்ய வேண்டும். மூலச் சேனலைத் தொட்டால் படத்தின் நிறமே போய்விடும். பிரதியைத் தலைகீழாக்கினேன். இப்போது முடி வெள்ளை, சுவர் கறுப்பு.

பிறகு லெவல்ஸ். இதில் இடது முக்கோணத்துக்குக் கீழே இருப்பதெல்லாம் முழுக் கறுப்பாகும், வலதுக்கு மேலே இருப்பதெல்லாம் முழு வெள்ளையாகும். 0 கறுப்பு, 255 வெள்ளை என்ற கணக்கில் சுவர் 70 சுற்றி நின்றது, முடி 215 சுற்றி. இடது முக்கோணத்தை 80-லும் வலதை 210-லும் வைத்தேன். இங்கேதான் பலரும் ஆசைப்பட்டுக் கெடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு முக்கோணத்தையும் நெருக்கி வைத்தால் மாஸ்க் பளிச்சென்று கறுப்பும் வெள்ளையுமாக அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு பிசிறு முடியின் நுனி முழு முடியே இல்லை. ஒரு பிக்சலுக்குள் பாதி முடி, பாதி சுவர். மாஸ்க்கில் அது சாம்பலாக இருப்பதுதான் நியாயம். பாதி சாம்பல் என்றால் பாதி நிறம் ஏறும், அதுதான் சரியான கணக்கு. நெருக்கிவிட்டால் நுனி காணாமல் போகும், அல்லது படிக்கட்டு மாதிரித் தடித்து நிற்கும். 100 சதவீத அளவில் பார்த்து, முடி கோத்த மணி மாதிரி விட்டு விட்டுத் தெரிந்தால், நெருக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

வலப்பக்கச் சுவர் நிழலில் இருந்தது. அங்கே சுவரின் மதிப்பு 110. இடது முக்கோணம் 80-ல் இருந்தால் அந்தச் சுவரும் கால்வாசி செலக்ட் ஆகிவிடும். அதனால் படத்தின் வலப் பாதியை மட்டும் மென்மையான ஓரத்தோடு முன்பே செலக்ட் செய்து, அங்கே இடது முக்கோணத்தை 118 வரை நகர்த்தினேன். இரண்டு பாதியும் சேரும் கோடு பெரும்பாலும் தலைக்குள்தான் விழும். அங்கே எல்லாமே வெள்ளை என்பதால் தையல் தெரியாது. பிறகு முகத்தையும் கறுப்புச் சட்டையையும் பிரஷ்ஷால் கறுப்பாக்கினேன். தலைக்குள் மிச்சமிருந்த சாம்பல்மேல், பிரஷ்ஷை Overlay முறைக்கு மாற்றி, ஒளிபுகாமையை 25 சதவீதத்துக்குக் குறைத்து வெள்ளை அடித்தேன். இந்த முறையில் முழுக் கறுப்பு அசையாது, சாம்பல் மட்டும் வெளுக்கும். அதனால் ஓரம் வரை பயமில்லாமல் போகலாம். பிசிறு முடிமேல் மட்டும் அடிக்கக் கூடாது, அதன் சாம்பலும் வெளுத்துத் தடித்துவிடும்.

கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு சேனல் சிறுபடத்தில் கிளிக்கினால் செலக்ஷன் வந்துவிடும். அப்போது செலக்ஷனின் ஓரத்தில் புள்ளிக்கோடாக ஓடும் எறும்பு வரிசையை நம்பாதீர்கள். பாதிக்கு மேல் செலக்ட் ஆன பிக்சலைச் சுற்றித்தான் அது ஓடும். நம் மெல்லிய முடியெல்லாம் பாதிக்குக் கீழே. "ஐயோ, முடி வரவில்லையே" என்று மறுபடி லெவல்ஸை நெருக்கி வேலையைக் கெடுத்தவன் சொல்கிறேன்.

ஜேபெக் படமாக இருந்தால் நீலச் சேனலில் ஒரு தொல்லை உண்டு. அந்த வடிவம் நிறத் தகவலைப் பெரும்பாலும் ஒளித் தகவலைவிடக் குறைந்த நுணுக்கத்தில் சேமிக்கிறது; அந்த நட்டம் நீலத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும். அப்போது வித்தியாசம் கொஞ்சம் குறைவானாலும் பச்சைச் சேனலை எடுப்பேன், அது சுத்தமாக இருக்கும்.

இரண்டு வழியும் கைவிரித்த இடம் ஒன்று இந்தப் படத்தில் இருந்தது. ஜன்னல் வெளிச்சம் பட்ட முடிகள். தலைக்குப் பக்கத்தில் சுவரைவிட இருட்டாகக் கிளம்பும் முடி, வெளிச்சத்துக்குள் போனதும் சுவரைவிடப் பிரகாசமாகிவிடுகிறது. நடுவில் எங்கோ இரண்டும் சமமாகும் இடத்தில் சேனலில் முடியே இல்லை. ரீஃபைன் எட்ஜ் பிரஷ்ஷும் அங்கே துண்டு துண்டாகத்தான் கொடுத்தது. கடைசியில் 2 பிக்சல் பிரஷ்ஷால் மாஸ்க்கில் ஏழெட்டுக் கோடு கையால் இழுத்தேன். மிச்சத்தை அப்படியே விட்டேன். வெளிச்சத்தில் வெளுத்த முடி எந்தச் சாயத்திலும் வெளுப்பாகத்தான் தெரியும், யாரும் கேட்கவில்லை.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்றைத் தாமதமாகத்தான் கற்றேன். மாஸ்க்கின் குறையில் பாதியை லேயரின் கலப்பு முறையே மறைத்துவிடும். செம்பு நிற லேயரை Color முறையில் வைத்தால் அது தன் நிறச்செறிவையும் சேர்த்தே ஏற்றும்; அதனால் மாஸ்க் சுவர்மேல் கொஞ்சம் வழிந்தாலும் முடியைச் சுற்றி இளஞ்சிவப்பு வளையம் விழும். Hue முறையில் வைத்தால், கீழே இருக்கும் பிக்சலின் நிறச்செறிவு அப்படியே இருக்கும். சாம்பல் சுவருக்குச் செறிவே இல்லை, அதனால் அது சாம்பலாகவே நிற்கும். பழுப்பு முடிக்குச் செறிவு உண்டு, அது செம்பாகும். ஆக, பிசிறு முடிக்கு Hue, தலைக்குள்ளே Color. கறுப்பு முடிக்கு இந்தத் தந்திரம் எடுபடாது. அதில் செறிவும் இல்லை, வெளிச்சமும் இல்லை. முதலில் கர்வ்ஸால் வெளிச்சத்தை ஏற்றித்தான் ஆக வேண்டும். அந்தக் கர்வ்ஸுக்கு மட்டும் மாஸ்க்கை இறுக்கமாக வையுங்கள், இல்லையென்றால் சுவரும் சேர்ந்து வெளுத்துத் தலையைச் சுற்றி ஒளிவட்டம் கிடைக்கும்.

இவ்வளவையும் நண்பருக்குச் சொல்லி, "சேனல்தான், கண்ணை மூடிக்கொண்டு சேனல்" என்று முடித்தேன். அவர் படத்தையே அனுப்பிவிட்டார். வெளிர் சுவர், நிழல் இல்லை, பின்னொளி இல்லை. நேராக Select and Mask திறந்து, பிரஷ்ஷால் நாலு தேய், K தட்டிப் பார்த்து இரண்டு ஓட்டையை அடைத்துத் திருப்பி அனுப்பினேன். ஐந்து நிமிடம் ஆகவில்லை. "சேனல்ல பண்ணியா?" என்று கேட்டிருக்கிறார். இன்னும் பதில் போடவில்லை.