ஷேடோ மேப்பா, கான்டாக்ட் ஷேடோவா?

3D காட்சியில் விளக்கிலிருந்து பார்த்த ஆழத்தைப் பதிந்து வைக்கும் படம்தான் ஷேடோ மேப். 80 மீட்டர் அகலப் பரப்பை 2048 புள்ளி அகல மேப்பில் அடக்கினால் ஒரு புள்ளி, அதாவது ஒரு டெக்செல், கிட்டத்தட்ட 4 செ.மீ. பலகையில் 1 செ.மீ. துருத்தி நிற்கும் ஆணித்தலைக்கு அதில் இடமில்லை. பொய்க் கறை விழாமலிருக்க ஆழத்தில் சேர்க்கும் சிறு விலகலான பயஸ் வேறு நிழலை அடியிலிருந்து தள்ளிவிடும். ஆணி மிதப்பதுபோல் தெரியும்.

கான்டாக்ட் ஷேடோ திரையின் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஆழத்தை வைத்திருக்கும் டெப்த் பஃபரையே நம்புகிறது. பிக்சலிலிருந்து விளக்கை நோக்கி 10 செ.மீ. தூரத்தை 16 எட்டாக நடந்து, ஏதாவது ஒரு எட்டில் கதிர் பதிவான ஆழத்துக்குச் சற்றே பின்னால் போனால் நிழல். ஆணி உடனே பலகையில் உட்கார்ந்துவிடும்.

அந்த ‘சற்றே’தான் தலைவலி. பொருளின் தடிமன் பஃபருக்குத் தெரியாது. ‘சற்றே’ என்பதன் வரம்பைக் கூட்டினால் முன்னால் நிற்கும் கம்பி பின்சுவரில் பொய் நிழல் போடும். குறைத்தால் நிழலில் ஓட்டை. திரைக்கு வெளியே இருப்பதும் கணக்கில் வராது. அதனால் நீண்ட நிழலை மேப்பிடமே விட்டு, இரண்டில் இருண்டதை எடுப்பேன்.