வங்கிக்கான முகவரி மாற்றக் கடிதத்தை மொழிபெயர்க்கக் கொடுப்போருக்கு ஓர் எச்சரிக்கை

வெளிநாட்டு வங்கியொன்றில் கணக்கு வைத்திருக்கும் என் தந்தை, பதிவு செய்யப்பட்ட தமது முகவரியை மாற்றக் கோரித் தமிழில் கடிதம் எழுதியிருந்தார். அக்கடிதத்துடன் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணைக்க வேண்டும் என்று வங்கி கேட்டதால், ‘அலுவல் பயன்பாட்டுக்கான மொழிபெயர்ப்பு, வங்கிகள் ஏற்பது உறுதி’ என விளம்பரம் செய்திருந்த ஒரு நிறுவனத்திடம் அந்த வேலையை ஒப்படைத்தோம். முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே பெற்றுக்கொண்டு அவர்கள் தந்த மொழிபெயர்ப்பை வங்கி ஏற்க மறுத்துவிட்டது. வேறு யாரும் இவ்வாறு ஏமாறக் கூடாது என்பதற்காகவே நடந்ததை எழுதுகிறேன்.

முதல் சிக்கல் முகவரியிலேயே இருந்தது. புதிய முகவரியில் ‘மேலத் தெரு’ என்று இருந்ததை, மேலே உள்ள தெரு என்று பொருள்படும்படி ‘அப்பர் ஸ்ட்ரீட்’ என ஆங்கிலப்படுத்தியிருந்தார்கள். மேலத் தெரு என்றால் மேற்குத் தெரு என்பதால் அந்தப் பொருளே தவறு. ஆனால் பொருள் சரியாக இருந்திருந்தாலும் அது பயன்பட்டிருக்காது. ஏனெனில் தெருப் பெயரைப் பொருள் பார்த்து மொழிபெயர்க்கவே கூடாது. நாங்கள் இணைத்த முகவரிச் சான்றில் அத்தெருவின் பெயர், தமிழ் ஒலிப்பு மாறாமல் ஆங்கில எழுத்துகளில் அச்சிடப்பட்டிருந்தது. வங்கி அலுவலர் கடிதத்தையும் சான்றையும் அருகருகே வைத்து ஒப்பிடும்போது, ஒன்றில் ஒரு தெருவும் மற்றொன்றில் வேறொரு தெருவும் இருந்தால் அவற்றை இரு வேறு முகவரிகளாகத்தான் கொள்ள முடியும். தந்தையின் பெயரிலும் இதே குறைதான்: கணக்கில் உள்ளபடி அல்லாமல், தங்களுக்குத் தோன்றிய எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்திருந்தார்கள். வேலையைத் தொடங்கும் முன் முகவரிச் சான்றின் நகலையோ, கணக்கில் பெயர் எவ்வாறு பதிவாகியுள்ளது என்பதையோ அவர்கள் கேட்கவே இல்லை. இவற்றைக் கேட்காமல் கடிதத்தை மட்டும் வாங்கிக்கொள்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, கையொப்பம். மூலக் கடிதத்தில் கையொப்பம் இருக்கும் இடத்தில், மொழிபெயர்ப்பில் ‘கையொப்பம் உள்ளது’ என்று அடைப்புக்குறிக்குள் குறிப்பிடுவதே முறை. அவர்களோ கீழே கோடு போட்டு, என் தந்தையை அங்கே ஆங்கிலத்தில் கையெழுத்திடச் சொன்னார்கள். வங்கியிடம் உள்ள மாதிரிக் கையொப்பம் தமிழில் இருக்கிறது. ஆகவே அந்தத் தாள் மொழிபெயர்ப்பாகக் கொள்ளப்படாமல், கையொப்பம் பொருந்தாத தனிக் கடிதமாகவே கொள்ளப்பட்டது. முகவரி மாற்றம் என்பது கணக்கைக் கைப்பற்ற நினைப்பவர்கள் முதலில் செய்யும் காரியங்களில் ஒன்று. புதிய அட்டையும் இரகசியக் கடிதங்களும் அந்த முகவரிக்குத்தான் போகும். எனவே வங்கி கறாராக நடந்துகொண்டதை நான் குறை சொல்ல மாட்டேன்.

மூன்றாவதாக, அவர்கள் ‘சான்று’ என்று தந்தது நிறுவனத்தின் பெயர் பொறித்த ஒரு வட்ட முத்திரை மட்டுமே. வழக்கமாக ஒரு சான்றுரையில், எந்த ஆவணம் எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்குப் பெயர்க்கப்பட்டது, அது முழுமையாகவும் சரியாகவும் உள்ளது என்ற உறுதிமொழி, மொழிபெயர்ப்பாளரின் பெயர், கையொப்பம், தேதி, தொடர்பு விவரம் ஆகியவை இருக்கும். மூலத்தின் நகலும் உடன் இணைக்கப்படும். மொழிபெயர்த்தவர் யார் என்று கேட்டபோது பெயரைச் சொல்ல மறுத்துவிட்டார்கள். கூடுதல் கட்டணம் கொடுத்தால் நோட்டரி முத்திரை வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். நோட்டரி பொதுவாகச் சான்றளிப்பது கையொப்பமிட்டவர் யார் என்பதைத்தானே தவிர, மொழிபெயர்ப்பு சரியா என்பதை அல்ல. சில நாடுகளில் நீதிமன்றத்தில் பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளரே செய்ய வேண்டும். வேறு சில இடங்களில் மேற்சொன்ன சான்றுரையே போதும். எது தேவை என்பதை உங்கள் வங்கியிடமே எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.

பிறகு வேறொரு மொழிபெயர்ப்பாளரை அணுகினோம். முகவரிச் சான்றையும் கணக்கறிக்கையின் முதல் பக்கத்தையும் பார்த்த பிறகே அவர் எழுதத் தொடங்கினார். நாள்–மாதக் குழப்பம் வராதிருக்க, தேதியில் மாதத்தை எழுத்தால் எழுதினார். கணக்கு எண்ணை எங்களிடம் வாசித்துக் காட்டிச் சரிபார்த்தார். அந்த மொழிபெயர்ப்பை வங்கி ஏற்றுக்கொண்டு முகவரியை மாற்றிவிட்டது.

முதல் நிறுவனம் இன்றுவரை பணத்தைத் திருப்பித் தரவில்லை. அவர்கள் கொடுத்த ரசீதில் ‘தட்டச்சு மற்றும் எழுத்துப் பணி’ என்றுதான் இருக்கிறது. அதைக் காட்டியே, சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்புக்குத் தாங்கள் பொறுப்பேற்கவில்லை என்று வாதிடுகிறார்கள். பணம் கட்டும்போதே ரசீதில் ‘சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு’ என்ற சொற்களும், மூல ஆவணத்தின் பெயரும், வங்கி ஏற்காவிட்டால் கட்டணமின்றித் திருத்தித் தரப்படும் என்ற வாக்கும் எழுதப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். எழுதித் தர மறுத்தால், பணத்தைக் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள்.