மூன்று படம், ஒரே ஆணி

மும்பையில் நான்கைந்து பேர் சேர்ந்து நடத்தும் கண்காட்சியில் என் தங்கைக்கு ஒரே ஒரு இடம் கிடைத்தது. முதல் கண்காட்சி. 24-க்கு 36 அங்குல ஃபிரேம் ஒன்று, ஆணி ஒன்று. அவளிடம் இருந்ததோ மூன்று படம்.

ரயில் படத்தை முதலிலேயே கழித்துவிடலாம் என்றேன். இரவு மகளிர் பெட்டி, ஐஎஸ்ஓ 6400. மானிட்டரில் அந்தக் கறுப்பு ஆழமாக இருந்தது. மேட் பேப்பரில் சாம்பல் பூத்துவிட்டது. பளபளப்பான பேப்பரில் கறுப்பு நிற்கும், ஆனால் எதிரே நிற்பவர் முகமும் சேர்ந்து தெரியும்.

அடுத்தது தாராவி 90 அடி சாலைப் பொங்கல்: வரிசையாக அடுப்பு, புகை, புகைக்குள் பெண்கள். கிராப் செய்யாத படம், 6000-க்கு 4000 பிக்சல். 36 அங்குலத்துக்கு இழுத்தாலும் அங்குலத்துக்கு 166 பிக்சல் இருக்கும், தாராளம். ஒரே பயம், புகையின் வெள்ளை. அது முழுக்க வெளுத்திருந்தால் அங்கே மை விழாது, வெறும் பேப்பர்தான் தெரியும். முழுப் படத்தையும் அச்சடித்துக் காசைக் கரைக்காமல், புகை இருக்கும் பகுதியை மட்டும் அசல் அளவில் ஒரு ஏ4 தாளில் எடுத்துப் பார்த்தோம். ஓரத்தில் ஒரு கையகலம்தான் வெளுத்திருந்தது. தப்பித்தது.

மூன்றாவது, அம்மா மல்லிகை கட்டும் விரல்கள். போனில் பார்த்த எல்லோரும் இதற்குத்தான் ஓட்டுப் போட்டார்கள். பக்கத்தில் கேஸ் சிலிண்டரும் என் காலும் விழுந்திருந்ததால் பாதிக்குப் பாதி வெட்டியிருந்தாள். மிஞ்சியது 3000-க்கு 2000. அதே அளவுக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 83தான். ஐந்தடி தள்ளி நின்றால் குறை தெரியாது. ஆனால் விரலைப் பார்க்க எல்லோரும் கிட்ட வருவார்கள்; வந்தால் வாழைநாரின் இழை குழைந்து கிடக்கும். அதுவும் ஏ4-ல் தெரிந்துவிட்டது.

"அப்ப புகைதான்," என்றேன். அவள் பேசவில்லை.

பிரிண்ட் போடும் அண்ணன்தான் வழி சொன்னார். "ஃபிரேம் பெருசுன்னா படமும் பெருசா இருக்கணுமாம்மா? 8-க்கு 12 போட்டு, சுத்தி அகலமா வெள்ளை மவுண்ட் வெச்சுடு." கணக்குப் போட்டேன்: அங்குலத்துக்கு 250. நார் மட்டுமல்ல, நகத்துக்குள் இருந்த பச்சைக் கறையும் தெரிந்தது. என் ஓட்டும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. அறைக்கு அந்தப் பக்கமிருந்து ஆளை இழுப்பது பொங்கல் படம்தான். கிட்ட வந்தவரை நிறுத்தி வைப்பது இது.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து இரண்டையும் சமையலறைச் சுவரில் ஒட்டினாள். அம்மா பொங்கல் படத்தின் முன்னாலேயே நின்றார். "மூணாவது அடுப்பு நம்மளுதுடி."

மவுண்ட் வெட்டுகிறவர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். அவள் இன்னும் அளவு சொல்லவில்லை.