வான்கூவரா, ஹார்வர்டா? ஒரு பந்தியை இடம் மாற்றியபோது தெரிந்த வித்தியாசம்

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து இப்போது மருத்துவபீடத்தில் படிக்கும் மாணவி ஒருத்தி, கர்ப்பிணிகளின் இரத்தச்சோகை பற்றிய தன் ஆய்வுக்கட்டுரையைப் போன மாதம் என்னிடம் கொண்டுவந்தாள். "அக்கா, நம்பர் எல்லாம் கலங்கிப் போச்சு" என்றாள். கட்டுரையில் மூலங்களைக் குறிப்பிடும் இரண்டு முறைகளான வான்கூவரையும் ஹார்வர்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவள் கட்டுரையே போதுமாக இருந்தது.

ஹார்வர்ட் முறையில், மேற்கோள் வரும் இடத்திலேயே ஆசிரியர் பெயரும் ஆண்டும் நிற்கும். உசாத்துணைப் பட்டியல் அகர வரிசையில் போகும். வான்கூவர் முறை, மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் 1978இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடியதிலிருந்து வளர்ந்தது. இதில் எந்த மூலம் முதலில் வருகிறதோ அதற்கு 1, அடுத்த புதிய மூலத்துக்கு 2. ஒரு முறை எண் வாங்கிய மூலம் பிறகு எத்தனை தடவை வந்தாலும் அதே எண்தான். பட்டியலும் அந்த எண் வரிசையிலேயே இருக்கும்.

வாசிப்பவருக்கு வான்கூவர் இலகு. ஐந்து மூலங்களை `[3-7]` என்று முடித்துவிடலாம். ஹார்வர்டில் அது ஒன்றரை வரி பிடிக்கும். ஆனால் 2016ஆம் ஆண்டுத் தரவா, முப்பது வருடப் பழசா என்பதை எண் சொல்லாது. பட்டியலைப் புரட்ட வேண்டும். தோட்டத்துச் சுகாதாரம் போல நிலைமை மாறிக்கொண்டிருக்கும் விஷயத்தில் இதை நான் சிறிய குறையாக நினைக்கவில்லை.

எழுதுபவருக்குத்தான் பெரிய வித்தியாசம். அவள் முன்னுரையில் உலக சுகாதார நிறுவனத்தின் 2011ஆம் ஆண்டு இரத்தச்சோகை வரையறை 1. தோட்டத்துறையைத் தனியே பிரித்துக் காட்டும் 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை சுகாதார ஆய்வு 2. கொழுந்து பறிக்கும் பெண்கள் இரும்புச்சத்து மாத்திரை எடுப்பது பற்றிய கட்டுரை 3. ஆய்வுமுறைப் பகுதியில் வரையறை மறுபடி வந்தது, அதே 1. கொக்கிப்புழு பற்றிய கட்டுரை கலந்துரையாடலில்தான் முதலில் வந்தது, அது 4.

மேற்பார்வையாளர், கொக்கிப்புழுப் பந்தியை முன்னுரையின் தொடக்கத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். ஹார்வர்ட் என்றால் பந்தியை வெட்டி ஒட்டியதோடு வேலை முடிந்திருக்கும். வான்கூவரில் 4 என்பது 1 ஆகி, மற்ற மூன்றும் ஒவ்வொன்று கூட வேண்டும். அவள் "தேடி மாற்று" வசதியில் முதலில் 1ஐ 2 ஆக்கினாள். அந்தக் கணமே வரையறையும் குடித்தொகை ஆய்வும் ஒரே எண்ணாகிவிட்டன. எது எது என்று கண்டுபிடிக்க வழியில்லை. அடைப்புக்குறி இல்லாமல் வெறும் எண்ணைத் தேடியதால், அந்த வரையறையில் கர்ப்பிணிகளின் இரத்தச்சோகைக்கு எல்லையான `11 g/dL` கூட `22 g/dL` ஆகியிருந்தது.

பழைய பிரதி இருந்ததால் திரும்பத் தொடங்கினோம். இந்த வேலைக்கு ஒரு தற்காலிக அடையாளம் தேவை. பெரிய எண்ணிலிருந்து கீழே இறங்க வேண்டும்:

```
[4] → [X]
[3] → [4]
[2] → [3]
[1] → [2]
[X] → [1]
```

இதிலும் ஒரு பொறி உண்டு. `[1-3]` என்று எழுதிய இடங்கள் இந்தத் தேடலில் அகப்படாது. அவற்றை முதலில் `[1][2][3]` என்று பிரித்துவிட வேண்டும். முடிந்த பின் உசாத்துணைப் பட்டியலையும் அதே வரிசைக்கு மாற்றி, கட்டுரையில் எண்களை மட்டும் ஆரம்பத்திலிருந்து வாசித்துப் பார்க்கலாம். அதுவரை வந்த மிகப் பெரிய எண்ணிலிருந்து ஒன்றுக்கு மேல் தாவினால் அங்கே பிழை. அட்டவணைக்குள் மட்டும் வரும் மூலத்துக்கு, அந்த அட்டவணை கட்டுரையில் முதலில் குறிப்பிடப்படும் இடத்தை வைத்து எண் போட வேண்டும்; அட்டவணை கடைசிப் பக்கத்தில் இருப்பதை வைத்து அல்ல.

என் தேர்வு இதுதான்: எழுதித் திருத்தும் வரை `[WHO2011]`, `[DHS2016]` என்று ஹார்வர்ட் பாணியில் பெயரும் ஆண்டும் போடுங்கள், பந்திகள் அசையாது என்று உறுதியான பிறகே எண்ணாக்குங்கள். மூலங்களைச் சேர்த்து வைக்கும் சொட்டெரோ போன்ற மென்பொருள் இருந்தால் எண்களை அதுவே மாற்றிக்கொள்ளும். ஆனால் ஒரே கட்டுரையை இரண்டு இடங்களிலிருந்து இறக்கிச் சேர்த்திருந்தால், அது இரண்டு மூலங்களாகவே எண்ணப்பட்டு இரண்டு எண் வாங்கிவிடும். வான்கூவர் பட்டியலில் அவை 6, 19 என்று தூரத்தில் கிடப்பதால் கண்ணில் படாது. பட்டியலைப் பிரதியெடுத்து அகர வரிசையில் அடுக்கினால் இரண்டும் அடுத்தடுத்து வந்து நிற்கும். அவள் பட்டியலில் குடித்தொகை ஆய்வு இப்படித்தான் இரண்டாவது தடவை அகப்பட்டது: வெவ்வேறு பக்கங்களை எடுத்தாண்டதால் தனி மூலம் என்று நினைத்திருக்கிறாள். ஒரே எண்ணை வைத்து, உள்ளே பக்கத்தை மட்டும் மாற்றி எழுதினோம்.