முறுக்கு சுடும் வீட்டில் நான்கு வருடச் சிம்னி

வாரம் இரண்டு நாள் ஆர்டருக்கு முறுக்கும் தட்டையும் சுடுகிற சமையலறை எங்களுடையது. 1200 என்று பெட்டியில் போட்டிருந்த சிம்னியை வாங்கி நான்கு வருடம் ஆகிறது. முதல் ஒன்றரை வருடம் அதைத் திட்டிக்கொண்டேதான் சமைத்தேன்.

அந்த 1200 என்பது மணிக்கு இழுக்கும் காற்று, கனமீட்டர் கணக்கில். எங்கள் சமையலறை பத்துக்கு எட்டு, உயரம் பத்தடி. மொத்தக் காற்றே 23 கனமீட்டர்தான். கணக்குப்படி மணிக்கு ஐம்பது தடவை அறை காலியாக வேண்டும். ஆனால் இரண்டாவது ஈடு போடுவதற்குள் கண் எரியும், ட்யூப்லைட்டில் பிசுக்கு ஏறும்.

கோளாறு குழாயில் இருந்தது. அடுப்பு உள்சுவரை ஒட்டி இருந்ததால், பரண் மேல் 16 அடிக்கு அலுமினிய மடிப்புக் குழாய் ஓடியது. நடுவில் மூன்று வளைவு. கடைசியில் சுவரில் ஏற்கெனவே இருந்த 4 அங்குல ஓட்டைக்காக, மாட்டியவர் 6 அங்குலக் குழாயைக் குறுக்கிவிட்டார். அங்கே காற்று போகும் வழி பாதிக்கும் கீழே. பெட்டியில் இருக்கும் எண் இந்தத் தடைகள் எதையும் பார்த்த எண் அல்ல.

ஒருநாள் பரணிலிருந்து சொட்டியது. கழற்றிப் பார்த்தால் குழாய் நடுவில் தொய்ந்து, மடிப்பு மடிப்பாக வெல்லப்பாகு மாதிரி எண்ணெய். அடுப்பையும் சிம்னியையும் வெளிச்சுவருக்கு மாற்றினோம். இப்போது 6 அங்குல பி.வி.சி. குழாய், ஏழடி, ஒரே வளைவு, வெளிப்பக்கமாக லேசான சரிவு. மெஷின் அதேதான். முன்பு நடு வேகத்தில் ஃபில்டரில் ஒட்டாமல் விழுந்த செய்தித்தாள் துண்டு, இப்போது குறைந்த வேகத்திலேயே ஒட்டி நிற்கிறது.

ஃபில்டரில் பேஃபிள்தான் என் ஓட்டு. வளைந்த தகடுகளில் திரும்பும்போது எண்ணெய் ஒட்டி வழிந்து கிண்ணத்தில் சேரும். அம்மா வீட்டு வலை ஃபில்டர் ஒரு தீபாவளிப் பலகாரத்திலேயே அடைத்துக்கொண்டது. அக்கா வீட்டில் ஃபில்டரே இல்லாத மாடல். தாளிப்புக்குப் போதும், எங்கள் அளவுக்குச் சுட்டால் எண்ணெய் நேரே ப்ளோயருக்குப் போய்விடும். ஆட்டோ க்ளீன் சூட்டில் புது எண்ணெய் உருகும், இறுகிய பழசு அசையாது. பத்து நாளுக்கு ஒருமுறை சுடுதண்ணீரும் பாத்திர சோப்பும் போட்டு நான் கழுவுகிறேன். ஸ்டீல் என்பதால் கொஞ்சம் சோடா உப்பும் உண்டு. அலுமினியம் என்றால் சோடா போடாதீர்கள், கறுத்துவிடும்.

ஒரு குறை இன்னும் இருக்கிறது. கதவு ஜன்னல் எல்லாம் சாத்தினால் இழுவை குறைகிறது. வெளியே போகும் அளவு காற்று உள்ளே வர வேண்டுமே. அதற்காக அடுப்புப் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் புகை பக்கவாட்டில் சிதறும். எதிர்ப்பக்கக் கதவைத்தான் திறந்து வைக்கிறேன், பூனைக்கும் அது தெரிந்துவிட்டது.