மாற்றிக் கொடுத்த பேட்டரிக்கு வாரண்டி எந்தத் தேதியிலிருந்து? சீரியல் நம்பர் பதிவில் எங்கள் அனுபவம்

மார்த்தாண்டத்தில் எங்கள் கடை. இன்வெர்ட்டர், பேட்டரி, மோட்டார் மொத்தமாக எடுத்து கருங்கல், குலசேகரம், கொல்லங்கோடு பக்கத்து டீலர்களுக்குக் கொடுக்கிறோம். 2022 தொடக்கத்தில், பில் போடும் சாப்ட்வேரிலேயே சீரியல் நம்பரையும் ஏற்ற ஆரம்பித்தோம். சரக்கு வரும்போது ஒரு ஸ்கேன், டீலருக்குப் போகும்போது ஒரு ஸ்கேன். அவர் விற்ற பிறகு விற்பனைத் தேதியையும் சேர்ப்போம். நம்பரை அடித்தால் அந்தப் பொருளின் ஜாதகமே திரையில் வந்துவிடும். இந்த வசதியில் எனக்குக் குறையே இல்லை.

நாங்கள் மாட்டிக்கொண்டது, வாரண்டியில் மாற்றிக் கொடுத்த பேட்டரியில்தான்.

கருங்கல் டீலர் ஒரு டியூபுலர் பேட்டரியை 2022 ஜூன் 14 அன்று விற்றார். 36 மாதத்துக்குள் போனால் இலவசமாக வேறு பேட்டரி, அடுத்த 24 மாதம் விலையில் கழிவு. 2024 பிப்ரவரியில் பேக்கப் நிற்கவில்லை. ஹைட்ரோமீட்டரில் ஐந்து செல் 1240 காட்ட, ஒன்று மட்டும் 1120. கம்பெனி வேறு பேட்டரி தந்தது. 2025 மே 20 அன்று அதுவும் படுத்துவிட்டது.

"அண்ணாச்சி, இது போன வருசம் குடுத்த புது பேட்டரிதானே, இன்னும் ரெண்டு வருசம் கெடக்குல்லா?" என்றார் டீலர். அப்படி இல்லை. மாற்றிக் கொடுத்ததற்குப் புது வாரண்டி கிடையாது. முதல் பேட்டரியில் மிச்சமிருந்த காலம்தான் இதற்கும். இலவசமாக மாற்ற 2025 ஜூன் 13 வரை, அதாவது 24 நாள்தான் கையில்.

புது நம்பரை அடித்தால் சாப்ட்வேர் "ஸ்டாக்கில் உள்ளது" என்றது. விற்பனை பில் இல்லாமல் வெறும் டெலிவரி சலானில் போன பேட்டரி அது. பழைய நம்பரோடு அதற்குத் தொடர்பே இல்லை. இரண்டு நம்பரும் சேர்ந்திருந்த பழைய க்ளெய்ம் தாளைத் தேடி எடுக்க நான்கு நாள் ஆனது. அந்தத் தாளை வைத்துத்தான் க்ளெய்ம் பாஸானது.

சாப்ட்வேர்காரரிடம் சொல்லி "பழைய சீரியல் நம்பர்" என்று ஒரு கட்டம் சேர்த்தோம். அதை நிரப்பாமல் மாற்றுப் பேட்டரி குடோனை விட்டு வெளியே போகாது. இரண்டு முறை மாற்றியிருந்தாலும் முதல் விற்பனைத் தேதியிலிருந்தே நாளைக் கணக்கிடும்.

இன்னொரு தொல்லை எக்செல். டீலர்கள் மாதக் கடைசியில் அனுப்பும் பட்டியலில் 16 இலக்க நம்பர்களின் கடைசி இலக்கம் எல்லாம் 0 ஆகவே வந்தது. எக்செல் எண்ணாக எடுத்துக்கொண்டால் 15 இலக்கம்தான் நிற்கும். பிறகு மாற்றினாலும் போன இலக்கம் திரும்பாது. நம்பரை அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசையை Text ஆக்கிவிட வேண்டும்.

விற்ற தேதி மட்டும் இன்றும் டீலர் கையில்தான். சிலர் பட்டியலைத் தாமதமாகத்தான் அனுப்புகிறார்கள். கடலோரக் கடைகளில் உப்புக் காற்றும் ஆசிட் கசிவும் ஸ்டிக்கரை அரித்துவிடுவதால், விற்கும் அன்றே நம்பரையும் வாரண்டி கார்டையும் சேர்த்துப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடச் சொல்லியிருக்கிறோம்.