அம்மாவின் பிறந்தநாள் இலையில் எந்த இனிப்பு?

அம்மாவுக்கு இந்த முறை 74 முடிந்தது. சர்க்கரை நோய் வந்து இருபது வருடம் இருக்கும், இனிப்பு ஆசை அதற்கும் முந்தையது. வீட்டில் நாங்கள் ஐந்து பேர் மட்டும், மதியச் சாப்பாடு, அவ்வளவுதான் திட்டம். ஆனால் இனிப்பு என்ன என்று கேட்டதும் ஆளுக்கொரு கட்சி ஆகிவிட்டோம்.

அண்ணி கருப்பட்டிக் கட்சி. வெள்ளைச் சர்க்கரையைவிடக் கருப்பட்டியில் கொஞ்சம் தாதுச்சத்து உண்டு, மணமும் தனி. ஆனால் அதிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். ரத்தத்தில் ஏறும் விஷயத்தில் இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இனிப்பு குறைவாகத் தெரிகிறதே என்று இன்னொரு துண்டு தட்டிப் போடுகிறோம், ‘நல்லதுதானே’ என்று இரண்டாவது கிண்ணமும் போகிறது. ருசிக்காகக் கருப்பட்டி போடுங்கள், மருந்தாக நினைத்துப் போடாதீர்கள்.

தம்பி சுகர்-ஃப்ரீ கட்சி. போன வருடம் அவன் பேச்சைக் கேட்டுத்தான் கடையில் ஒரு டப்பா வாங்கினோம். பெயரைப் பார்த்துவிட்டு யாரும் எண்ணவில்லை, அம்மா நான்கு துண்டு சாப்பிட்டுவிட்டார். சாயங்காலம் வயிறு உப்பி, கழிவறைக்கும் கட்டிலுக்குமாக நடந்தார். டப்பாவின் பின்பக்கத்தை அப்புறம்தான் படித்தோம்: மால்டிடால், கோவா, கடலை மாவு. மால்டிடால் சர்க்கரையைவிடக் குறைவாகத்தான் ஏற்றும், ஆனால் ஏற்றவே செய்யாது என்றில்லை; அதிகமானால் வயிற்றைப் போக்கும். கோவாவில் பாலின் சர்க்கரை, கடலை மாவில் மாவுச்சத்து. ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்பதற்கு மாவுச்சத்தே இல்லை என்று அர்த்தமில்லை.

என் கட்சி, அளவாக நிஜப் பாயசம். அரை லிட்டர் பால், 30 கிராம் சேமியா, 50 கிராம் சர்க்கரை, நாலைந்து முந்திரி. சர்க்கரையையும் சேர்த்து மொத்த மாவுச்சத்து ஏறக்குறைய 95 கிராம். ஐந்து சின்னக் கிண்ணமாகப் பிரித்தால் ஒன்றில் 19 கிராம். சர்க்கரைக்குப் பதில் முழுக்க சுக்ரலோஸ் போட்டாலும் பாலும் சேமியாவும் இருப்பதால் 9 கிராம் வரும். ஆக, கிண்ணத்துக்கு மிச்சமாவது 10 கிராம். அது கால் கப் சோற்றுக்குச் சமம். கால் கப் சோறா, நிஜப் பாயசமா என்று அம்மாவிடம் கேட்டால் பதில் என்ன வரும் என்பது உங்களுக்கே தெரியும். (சுக்ரலோஸ்தான் வேண்டும் என்றால் தாராளமாகப் போடலாம், அது அடுப்புச் சூட்டைத் தாங்கும். அஸ்பார்டேம் தாங்காது, கொதித்தால் தித்திப்பு போய்விடும்.)

இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் எங்கள் பழைய தப்பு புரிந்தது. இனிப்பை மட்டும் முறைத்துக்கொண்டிருந்தோம். இலையில் சாம்பார் சோறு, புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம் எல்லாம் தாராளமாக விழுந்துகொண்டிருந்தன. பாயசம் வந்து சேர்வதற்குள் இரண்டு கப் சோற்றின் 80 கிராமுக்கு மேல் உள்ளே போயிருக்கும்.

இந்த முறை புளியோதரை கிடையாது, உருளைக்கு பதில் பீன்ஸ் பருப்பு உசிலி. முதலில் இலை ஓரத்தில் ஒரு ஸ்பூன் பாயசம், அது வழக்கம், விடவில்லை. பிறகு உசிலி, அவரைக்காய்க் கூட்டு, கீரை. அதன் பிறகே சோறு, ஒரு கப் மட்டும். மீதிப் பாயசம் கடைசியில். காயும் பருப்பும் முன்னால் போனால் சர்க்கரை மெதுவாக ஏறும். வெறும் வயிற்றில் முழுக் கிண்ணத்தையும் குடிப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு.

இனிப்பைவிட எனக்கு அதிக பயம் நேரத்தைப் பற்றி. அம்மா காலையில் போடும் மாத்திரையில் கிளிமிபிரைடு இருக்கிறது, சாப்பாடு தள்ளிப்போனாலும் அது பாட்டுக்குச் சர்க்கரையை இறக்கும். ஒருமுறை தம்பியின் பஸ்ஸுக்காகக் காத்திருந்து இரண்டேகால் ஆனது. அம்மாவுக்கு வியர்த்தது, கை நடுங்கியது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். மீட்டரில் 62. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, 70ஐத் தாண்டியதும் சாப்பாடு போட்டோம். (மாத்திரையில் வோக்ளிபோஸ் இருந்தால் சாதாரணச் சர்க்கரை சட்டென்று வேலை செய்யாது, குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். சீட்டை ஒருதரம் பார்த்து வையுங்கள்.) அதனால் இந்த வருடம் 12:30க்கு இலை. யார் வந்தாலும் வராவிட்டாலும்.

இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தோம்: 176. அம்மாவுக்கு டாக்டர் சொன்ன எல்லை 200. மறுநாள் காலையும் வழக்கம் போலத்தான் இருந்தது.

பாயசத்தைச் சரியாக ஐந்து கிண்ணத்துக்குத்தான் வைத்தேன், மீந்து ஃப்ரிட்ஜுக்குப் போகக் கூடாதென்று. நாலு மணிக்கு ஃப்ரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மூடும் சத்தமும் கேட்டது.